பெரிய சண்டையில் பிரேம் ரேட் ஏன் விழுகிறது? டெப்ரி, டெக்கால், ராக்டால், உடைப்பு செட்டிங்குகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சும்மா சுற்றும்போது 60 வருகிறது. பெரிய சண்டை ஆரம்பித்ததும் 35-க்கு விழுகிறது. டெக்ஸ்சர், ரெசல்யூஷன் எல்லாம் குறைத்தும் மாறவில்லை. ஏன்?

டெக்ஸ்சரும் ரெசல்யூஷனும் கிராபிக்ஸ் கார்டின் சுமை. சண்டையில் திடீரென்று கூடுவது பெரும்பாலும் பிராசசரின் சுமை. அதனால்தான் நீங்கள் குறைத்தது எதுவும் எட்டவேண்டிய இடத்தை எட்டவில்லை.

ஆனால் உடனே, செத்த உடல்கள் தளர்ந்து விழும் ராக்டாலையும், உடைந்து சிதறும் துண்டுகளான டெப்ரியையும் அணைத்துவிடாதீர்கள். முதலில் சரிவு எப்போது வருகிறது என்று கவனியுங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். எதிரிகள் வந்து நின்றதுமே, ஒருவர்கூடச் சாவதற்கு முன்பே பிரேம் ரேட் விழுந்தால், அது ராக்டால் இல்லை. எதிரிகளின் முடிவெடுக்கும் கணக்கும் அனிமேஷனும்தான் காரணம். இந்தப் பக்கத்தில் உள்ள எந்த செட்டிங்கும் அதற்கு உதவாது. ஆட்கள் விழ விழச் சரிவு வந்து, விழுந்தவர்கள் அசையாமல் கிடக்க ஆரம்பித்ததும் சரியானால் ராக்டாலைச் சந்தேகிக்கலாம். சுவர் இடியும் அந்த ஒரு கணத்தில் மட்டும் படம் உறைந்து மீண்டால் உடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். சண்டை முடிந்த பிறகும் அந்த இடத்தைப் பார்க்கும்போது மட்டும் குறைந்து, கேமராவைத் திருப்பினால் ஏறினால், தரையிலும் சுவரிலும் சேர்ந்திருக்கும் ரத்தக் கறை, குண்டுத் துளைப் படங்களான டெக்கால்களைப் பாருங்கள்.

பிராசசரா, கிராபிக்ஸ் கார்டா என்று நிச்சயமாகத் தெரிந்துகொள்ள என்ன வழி?

சண்டைக்குச் சற்று முன் ஒரு சேவ் வைத்துக்கொள்ளுங்கள். வி-சிங்க், பிரேம் வரம்பு இரண்டையும் அணையுங்கள். அவை இருந்தால் எண்கள் பொய் சொல்லும். அதே சண்டையை 1080p-யில் ஒரு முறையும் 720p-யில் ஒரு முறையும் ஆடுங்கள். 720p-யில் கிராபிக்ஸ் கார்டு வரையவேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே போய்விடுகின்றன. அப்படியும் சண்டையின் பிரேம் ரேட் அப்படியே இருந்தால் தடை பிராசசரில் இருக்கிறது. நன்றாக ஏறினால் தடை கிராபிக்ஸ் கார்டில்.

இன்னொரு அடையாளமும் உண்டு. திரையின் மூலையில் கிராபிக்ஸ் கார்டின் பயன்பாட்டைக் காட்டும் கருவி வைத்திருப்பவர்கள், சண்டையில் அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். 97 சதவீதத்தில் இருந்தது 60-க்கு இறங்கினால், கார்டு வேலைக்காகக் காத்திருக்கிறது என்று பொருள்.

பிராசசரின் மொத்தச் சதவீதத்தை மட்டும் நம்பவேண்டாம். எட்டு கோர், பதினாறு த்ரெட் உள்ள பிராசசரில் ஒரே ஒரு த்ரெட் மூச்சு முட்ட ஓடினாலும் மொத்தக் கணக்கில் அது ஆறு சதவீதம்தான். "பிராசசர் 30 சதவீதம்தானே ஓடுகிறது, அதில் பிரச்சினை இருக்க வாய்ப்பில்லை" என்று பலர் முடிவு கட்டுவது இங்கேதான். விளையாட்டின் முக்கிய த்ரெட் நிரம்பிவிட்டால் மற்ற கோர்கள் சும்மா இருந்தும் பயனில்லை.

செத்து விழும் உடல் ஒன்று அவ்வளவு சுமையா? உயிரோடு இருந்தபோது ஓடிக்கொண்டுதானே இருந்தது?

உயிரோடு ஓடும்போது அது ஏற்கெனவே பதிவு செய்த அனிமேஷனைத்தான் காட்டுகிறது. மோதல் கணக்குக்கு அதைச் சுற்றி ஒரு மாத்திரை வடிவம் இருக்கும், அவ்வளவே. செத்ததும் அந்த ஒரு மாத்திரை போய், தலை, மார்பு, இடுப்பு, மேல் கை, முன் கை, தொடை, முழங்கால் கீழ்ப்பகுதி என்று பத்திலிருந்து இருபது வரையான தனித்தனிப் பொருட்கள் வருகின்றன. அவற்றை மூட்டுகள் இணைக்கின்றன. ஒவ்வொரு மூட்டுக்கும் எவ்வளவு மடங்கலாம், எந்தப் பக்கம் திரும்பலாம் என்று வரம்பு உண்டு. ஒரு மூட்டைச் சரிசெய்தால் அடுத்த மூட்டு விலகும் என்பதால், பிசிக்ஸ் இன்ஜின் இந்தச் சங்கிலியை ஒவ்வொரு படியிலும் பல முறை சுற்றிச் சுற்றித் திருத்துகிறது.

தனியாக விழும் ஒரு ராக்டால் உண்மையில் மலிவுதான். விலை ஏறுவது குவியலில். குறுகிய வாசலில் ஒருவர் மேல் ஒருவராக விழுந்தால், ஒவ்வொரு கையும் காலும் மற்றவரின் கை கால்களோடு மோதுகிறது. தொடர்பில் இருக்கும் எல்லா உடல்களையும் இன்ஜின் ஒரே கூட்டமாக வைத்துத்தான் தீர்க்க முடியும், தனித்தனியாகப் பிரித்துப் பல கோர்களுக்குக் கொடுப்பது கடினம். வெட்டவெளியில் பரவலாகக் கிடக்கும் பத்து உடல்களையும், படிக்கட்டில் குவிந்து கிடக்கும் பத்து உடல்களையும் ஒன்றாக எண்ணிவிடாதீர்கள்.

அசைவு நின்றதும் இன்ஜின் அந்த உடலைத் தூங்க வைத்துவிடும். தூங்கும் உடலுக்குச் செலவு ஏறக்குறைய இல்லை. ஆனால் குவியலின் அடியில் ஒரு கால் நடுங்கிக்கொண்டே இருந்தால் அந்தக் கூட்டம் முழுவதும் விழித்தே இருக்கும். அப்புறம், தூங்கும் குவியலின் நடுவில் ஒரு கையெறி குண்டு வெடித்தால் எல்லாரும் ஒரே படியில் விழித்துக்கொள்வார்கள். சண்டையின் கடைசிக் கட்டத்தில், எதிரிகள் குறைந்த பிறகும் குண்டு வெடிக்கும்போதெல்லாம் பிரேம் ரேட் தள்ளாடுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

ஆகவே ராக்டாலில் தரத்தைவிட எண்ணிக்கையும் ஆயுளும்தான் முக்கியம். உடல்கள் எத்தனை இருக்கலாம், எத்தனை நொடியில் மறையலாம் என்று கேட்கும் செட்டிங் இருந்தால் முதலில் அதைத் தொடுங்கள்.

பிசிக்ஸ் கொஞ்சம்தான் கூடுகிறது என்கிறார்கள். பிறகு ஏன் 60-இலிருந்து நேராக 33-க்குப் போகிறது?

இந்தப் பக்கத்திலேயே எனக்கு மிக முக்கியமாகப் படும் கேள்வி இது. கணக்கு போட்டே பார்த்துவிடலாம்.

பல விளையாட்டுகளில் பிசிக்ஸ், படம் வரையும் வேகத்தோடு ஓடுவதில்லை. தனக்கென்று ஒரு நிலையான கால அளவில், ஒரு படி, இன்னொரு படி என்று நகர்கிறது. யூனிட்டி இன்ஜினில் மாற்றாமல் விட்டால் அந்த அளவு 0.02 நொடி, அதாவது நொடிக்கு 50 படி. நம் எடுத்துக்காட்டுக்கு நொடிக்கு 60 படி என்று வைத்துக்கொள்வோம். ஒரு படி 16.7 மில்லி நொடியைக் குறிக்கிறது. எல்லாம் ஒரே த்ரெட்டில் நடப்பதாகவும் வைத்துக்கொள்வோம்.

பிசிக்ஸ் அல்லாத வேலைகளுக்கு ஒரு பிரேமில் 12 மில்லி நொடி ஆகிறது. அமைதியான நேரத்தில் ஒரு பிசிக்ஸ் படிக்கு 4. மொத்தம் 16. நொடிக்கு 60 பிரேம் வரத் தேவையான 16.7-க்குள் அடங்கிவிட்டது.

சண்டையில் உடல்கள் குவிந்து, ஒரு படிக்கு 10 மில்லி நொடி ஆகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் 12 + 10 = 22, எனவே 45 பிரேம் வரவேண்டும். வராது. 22 மில்லி நொடியில் விளையாட்டின் கடிகாரம் ஒரு படிக்கும் மேல் நகர்ந்துவிட்டது. பின்தங்கியதை ஈடுகட்ட இன்ஜின் சில பிரேம்களில் இரண்டு படி ஓட்டவேண்டும். அந்த பிரேம் 12 + 20 = 32. அது இன்னும் நீளம், எனவே அடுத்த பிரேமிலும் இரண்டு படி. சராசரி பிரேம் நேரத்தை T என்று வைத்தால், அது எங்கே நிற்கும் என்று இப்படிக் கணக்கிடலாம்:

```
T = 12 + 10 × (T / 16.7)
T ≈ 30
```

30 மில்லி நொடி என்றால் 33 பிரேம். பிசிக்ஸ் கூடியது 6 மில்லி நொடி, பிரேம் நீண்டது 14 மில்லி நொடி. தலைகீழாகவும் இதே கணக்கு வேலை செய்கிறது. உடல்களின் எண்ணிக்கையைக் குறைத்து ஒரு படியை 10-இலிருந்து 7-க்குக் கொண்டுவந்தால், சராசரி ஏறக்குறைய 20.7 மில்லி நொடிக்கு, அதாவது 48 பிரேமுக்கு வந்துவிடும். மூன்று மில்லி நொடி மிச்சத்துக்கு 15 பிரேம் திரும்பக் கிடைக்கிறது.

ஒரு படியே 16.7 மில்லி நொடிக்கு மேல் போனால் ஈடுகட்டவே முடியாது. அதற்காகத்தான் இன்ஜின்கள் ஒரு பிரேமில் இவ்வளவு காலத்துக்கு மேல் பிசிக்ஸ் ஓட்டாதே என்று உச்சவரம்பு வைத்திருக்கின்றன. அந்த வரம்பைத் தொட்டதும் விளையாட்டு உலகமே மெதுவாக நகர ஆரம்பிக்கும். பிரேம் ரேட் விழுவதோடு ஆட்களும் ஸ்லோ மோஷனில் விழுந்தால் அதுதான் அறிகுறி.

எல்லா விளையாட்டும் இப்படி இல்லை. சில விளையாட்டுகளில் பிசிக்ஸ் வேறு கோர்களில் ஓடும், சிலவற்றில் பிரேமுக்கு ஒரு படி மட்டுமே. அங்கே சரிவு இவ்வளவு செங்குத்தாக இருக்காது.

டெப்ரி செட்டிங்கைக் குறைத்தேன், ஒரு மாற்றமும் இல்லை. அது வெறும் ஏமாற்றா?

ஏமாற்று இல்லை. டெப்ரி என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருட்கள் இருக்கின்றன. குண்டு பட்டதும் தெறிக்கும் சின்னத் துகள்கள் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டிலேயே பிறந்து அங்கேயே மறையும் பார்ட்டிகிள். உடைந்த பெட்டியின் பலகை, செங்கல் துண்டு போன்றவை பிராசசர் கணக்கிடும் முழுப் பிசிக்ஸ் பொருட்கள்.

வேறுபாடு தெரிய, துண்டுகளின் நடுவே நடந்து பாருங்கள். கால் பட்டு உருண்டாலோ, ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றாலோ அவை பிசிக்ஸ் பொருட்கள். காலுக்குள் புகுந்து போனாலோ, சில நொடியில் தரைக்குள் அமிழ்ந்து மறைந்தாலோ வெறும் காட்சி. உங்கள் தடை பிராசசரில் இருக்கும்போது முதல் வகையைக் குறைத்தால்தான் பலன் தெரியும்.

வெடிப்பின் புகையையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். திரை முழுக்கப் பல அடுக்காகப் பரவும் ஒளி ஊடுருவும் புகை, கிராபிக்ஸ் கார்டு ஒரே புள்ளியைத் திரும்பத் திரும்ப வரையவேண்டிய வேலை. டெப்ரி மேல் விழும் பழியில் பாதி உண்மையில் புகையுடையது. 720p-க்கு மாறியதும் வெடிப்பின் சரிவு தணிந்தால் எஃபெக்ட்ஸ் தரத்தைக் குறையுங்கள், டெப்ரியை விட்டுவிடுங்கள்.

ரத்தக் கறை, குண்டுத் துளை எல்லாம் வெறும் படம்தானே? டெக்காலைக் குறைத்தால் என்ன கிடைக்கும்?

நல்ல கார்டு இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. என்னைக் கேட்டால், நான்கில் கடைசியாகத் தொடவேண்டியது இதுதான். டெக்கால் என்பது ஏற்கெனவே வரைந்த சுவரின் மேல் இன்னொரு படத்தை ஒட்டுவது. மோதல் கணக்கு கிடையாது, எனவே பிசிக்ஸுக்கு அது இல்லாத பொருள்.

செலவு வருவது அடுக்கில். ஒரே இடத்தில் ஐம்பது கறைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, நீங்கள் அந்தச் சுவரை மூக்கு உரசும் தூரத்தில் நின்று பார்த்தால், திரையின் பெரும்பகுதியில் ஐம்பது முறை படம் கலக்கவேண்டும். பழைய அல்லது ஒருங்கிணைந்த கிராபிக்ஸ் உள்ள கணினியில் அது நன்றாகவே தெரியும். சோதிப்பது எளிது: சண்டை முடிந்ததும் கறை படிந்த தரையைப் பாருங்கள், பிறகு வானத்தைப் பாருங்கள், மூன்றாவதாகக் கறை இல்லாத அதே மாதிரித் தரையைப் பாருங்கள். முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வித்தியாசம்தான் டெக்காலின் விலை. வானத்தோடு மட்டும் ஒப்பிட்டால் தவறான முடிவுக்கு வருவீர்கள், வானம் எப்போதுமே மலிவு.

சுவர் இடியும்போது ஒரு கணம் உறைகிறது. ஆனால் சராசரி பிரேம் ரேட் நன்றாகவே இருக்கிறது. எதை நம்புவது?

உறைவதை நம்புங்கள். ஒரே ஒரு பிரேம் 100 மில்லி நொடி எடுத்தாலும் ஒரு நிமிடச் சராசரியில் அது கரைந்துபோகும். சராசரிக்குப் பதில் பிரேம் நேர வரைபடத்தைப் பாருங்கள். அதில் ஊசி போல ஒரு கோடு மேலெழும்.

பெரும்பாலான விளையாட்டுகளில் சுவர் முன்கூட்டியே துண்டுகளாக வெட்டி வைக்கப்பட்டிருக்கும். இடியும் கணத்தில் முழுச் சுவரை எடுத்துவிட்டு டஜன் கணக்கான துண்டுகளை உலகத்தில் சேர்க்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் மோதல் வடிவம் பதிவாகவேண்டும், எந்தத் துண்டு எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று பார்க்கவேண்டும், எதிரிகள் நடக்கும் வழியைத் திரும்பக் கணக்கிடவேண்டும். இவை ஒரே பிரேமில் வந்து விழுந்தால் உறையும். பிறகு துண்டுகள் சரியும் ஓரிரு நொடிக்கு பிசிக்ஸ் சுமை உயர்ந்து, அவை தூங்கியதும் இறங்கும்.

இங்கே ஒரு போலிக் குற்றவாளி உண்டு. முதல் முறை ஒரு வெடிப்பைப் பார்க்கும்போது மட்டும் உறைந்தால் அது ஷேடர் தயாரிப்பாகவோ, கோப்பு ஏற்றுவதாகவோ இருக்கலாம். விளையாட்டை மூடாமல் அந்த சேவ் கோப்பை மீண்டும் ஏற்றி அதே சுவரை இடியுங்கள். இரண்டாம் முறை உறையவில்லை என்றால் உடைப்பு செட்டிங்கைக் குறைப்பதில் பயனில்லை. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உறைந்தால் குறையுங்கள்.

மெனுவில் இந்த செட்டிங்கே இல்லை. கான்ஃபிக் கோப்பில் மாற்றலாமா?

சில இன்ஜின்களில் முடியும். சோர்ஸ் இன்ஜினில் கன்சோல் கட்டளைகளாகவே இருக்கின்றன:

```
g_ragdoll_maxcount 4
cl_ragdoll_physics_enable 0
mp_decals 50
```

முதலாவது எத்தனை ராக்டால் நிலைக்கலாம் என்பது, இரண்டாவது ராக்டாலையே அணைப்பது, மூன்றாவது டெக்கால் எண்ணிக்கை. எல்லா சோர்ஸ் விளையாட்டிலும் இவை மூன்றும் வேலை செய்யும் என்று இல்லை. `g_ragdoll_maxcount` சர்வரின் கையில் இருப்பது, மற்றவரின் சர்வரில் உங்கள் எண் செல்லாது.

ஸ்கைரிமில் `SkyrimPrefs.ini` கோப்பின் `[Decals]` பகுதியில் `uMaxDecals`, `uMaxSkinDecals` என்ற இரண்டும் உண்டு. முதலாவது சுவர், தரைக்கு. இரண்டாவது அசையும் உடல்களின் மேல் ஒட்டும் ரத்தத்துக்கு. மாற்றுவதற்கு முன் கோப்பின் நகல் ஒன்று எடுத்து வையுங்கள்.

ஃபால்அவுட் 4-இல் சுட ஆரம்பித்ததும் விளையாட்டே மூடிக்கொள்கிறது. இதுவும் டெப்ரியா?

ஆர்டிஎக்ஸ் கார்டு வைத்திருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான். அதன் `Weapon Debris` செட்டிங் என்விடியாவின் ஃப்ளெக்ஸ் என்ற நிரல் தொகுப்பை நம்பி இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 20 வரிசையிலிருந்து வந்த கார்டுகளில் அந்தப் பழைய ஃப்ளெக்ஸ் ஒத்துப்போகாமல் விளையாட்டை முறித்துவிடுகிறது. `Weapon Debris`-ஐ `Off` ஆக்குங்கள்.

என்விடியாவின் பிசிக்ஸ் நிரல் தொகுப்பான பிஸ்எக்ஸை நம்பிய பழைய விளையாட்டுகளில் வேறு மாதிரிச் சிக்கல். 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசை, 32 பிட் பிஸ்எக்ஸைக் கார்டில் ஓட்டும் வசதி இல்லாமல் வெளியானது. பார்டர்லேண்ட்ஸ் 2, மிரர்ஸ் எட்ஜ் போன்றவற்றில் பிஸ்எக்ஸ் எஃபெக்டுகளை முழுதாக வைத்தால் கண்ணாடி உடையும் கணக்கெல்லாம் பிராசசருக்கு வந்து, மிகப் புதிய கணினியிலும் பிரேம் ரேட் அப்போது படுத்துவிட்டது. முதலில் டிரைவரைப் புதுப்பியுங்கள், 2025 டிசம்பரில் இவை இரண்டும் உட்படக் குறிப்பிட்ட சில விளையாட்டுகளுக்கு என்விடியா அந்த ஆதரவைத் திரும்பக் கொடுத்தது. மற்றவற்றில் வழி, பிஸ்எக்ஸை அணைப்பது அல்லது குறைப்பது.

சரி, எந்த வரிசையில் குறைப்பது?

தடை பிராசசரில் என்றால்: முதலில் உடல்களின் எண்ணிக்கையும் ஆயுளும், அடுத்து பிசிக்ஸ் வகை டெப்ரி, அதன் பிறகே உடைப்பின் தரம். தடை கார்டில் என்றால்: புகையும் எஃபெக்டுகளும், பிறகு டெக்கால். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே சேவிலிருந்து அதே ஆயுதத்தோடு ஆடிப் பாருங்கள். சண்டை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறாகப் போகும், எனவே ஒரு செட்டிங்குக்கு மூன்று முறையாவது ஆடி, மூன்றிலும் மோசமான கணங்களை ஒப்பிடுங்கள்.

ஆன்லைன் விளையாட்டில் உடைப்பைக் குறைத்தால் எனக்கு மட்டும் சுவர் இடியாமல் நின்றுவிடுமா?

நிற்காது. குண்டு புகும் ஓட்டை, ஆள் நுழையும் இடைவெளி போன்ற ஆட்டத்தைப் பாதிக்கும் உடைப்பு எல்லாருக்கும் ஒன்றாக இருந்தே தீரவேண்டும், எனவே அதை உங்கள் செட்டிங்குக்கு விடமாட்டார்கள். நீங்கள் குறைப்பது தெறிக்கும் சில்லு, தூசி, தரையில் கிடக்கும் துண்டு மட்டும். அதனால்தான் ஆன்லைன் விளையாட்டுகளில் இந்த செட்டிங்கை அடியோடு குறைத்த பிறகும் கட்டடம் சரியும்போது கொஞ்சம் சரிவு மிச்சமிருக்கும். தரையில் துண்டுகள் குறைவாக இருப்பதால் எதிரியைக் காண்பது எளிதாகிறது என்பதற்காகவே பலர் அதைக் குறைந்த அளவில் வைத்திருக்கிறார்கள்.